ஆவி வீட்டுக்குள் வருமா? மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாடத்தைத் தமிழாக்குவது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் என் மதினி ஆசிரியை. போன ஆடியில் ஓர் ஆங்கிலப் பாடத்தை என்னிடம் கொடுத்தார். மழை எப்படி உண்டாகிறது என்று சொல்லும் நான்கு பக்கப் பாடம். "மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் வேண்டும், நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே" என்றார். நான் பத்திரங்களையும் மருந்துச் சீட்டுக் குறிப்புகளையும் மொழிபெயர்த்துப் பிழைப்பவள். நான்கு பக்கம் ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். முடித்ததும் மதினியின் மகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எட்டு வயது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தை, குளத்தில் இருந்து வரும் ஆவி ராத்திரி வீட்டுக்குள் வருமா?"

அவளுடைய அகராதியில் ஆவி என்றால் பேய். நான் எழுதிய பாடத்தில் சூரியன் சூடேற்ற, குளத்திலிருந்து ஆவி எழுந்து மேலே போனது. அவள் கண்ணில் என்ன படம் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, கலைச்சொல்லும் சரி, ஆனாலும் பாடம் அவளிடம் போய்ச் சேரவில்லை.

சிறு பிள்ளைகளுக்கான பாடத்தை மொழிபெயர்ப்பது என்றால் என்ன வேலை என்பதை அந்த நான்கு பக்கத்தை வைத்தே சொல்கிறேன். எனக்கு மூன்று முறை திருப்பி எழுத வேண்டி வந்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தால் வெப்பப்படுத்தப்படும் பெருங்கடல்கள், ஏரிகள் மற்றும் ஆறுகளிலுள்ள நீரானது ஆவியாக்கப்பட்டு வளிமண்டலத்தைச் சென்றடைகிறது. அங்கு குளிர்விக்கப்படும் நீராவியானது சுருங்கி மேகங்களாக உருவாகின்றது. மேகங்களிலிருந்து மழை, பனி அல்லது ஆலங்கட்டி வடிவில் வீழ்படிவு ஏற்படுகிறது."

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் ஏதாவது ஓர் அரசுச் சுற்றறிக்கையைத் தமிழில் படித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு நாம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எந்தச் சொல்லை எளிதாக்குவது, எதை விட்டுவைப்பது

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் செய்யும் முதல் காரியம், கடினமாகத் தெரியும் சொல்லையெல்லாம் அடித்துவிட்டு எளிய சொல்லைப் போடுவது. நானும் இரண்டாம் வரைவில் அதைத்தான் செய்தேன். 'ஆவியாதல்' போய் 'மறைந்துபோதல்' வந்தது. 'தண்ணீர் வெயிலில் மறைந்துவிடுகிறது.' பிள்ளைக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது தப்பாகப் புரிந்தது. பாடம் சொல்ல வருவதே தண்ணீர் மறைவதில்லை, வேறு வடிவத்தில் காற்றில் இருக்கிறது என்பதுதான். மறைந்துபோன தண்ணீர் அப்புறம் எப்படி மழையாகத் திரும்பி வரும்? சொல்லை எளிதாக்கப் போய்ப் பாடத்தின் முதுகெலும்பையே உருவிவிட்டேன்.

அதனால் சொற்களை முதலில் பிரிக்க வேண்டும். பாடத்தை எடுத்து ஒவ்வொரு கடினச் சொல்லையும் பார்த்து, 'இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பதற்காகவா இந்தப் பாடம்?' என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்தச் சொல் இருக்க வேண்டும். எவ்வளவு கடினமானாலும் இருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வகுப்பிலும் அதற்கடுத்த வகுப்பிலும் அதே சொல் வரும், தேர்விலும் வரும். இந்த நான்கு பக்கத்தில் அப்படிப்பட்ட சொற்கள் மூன்றுதான்: நீராவி, ஆவியாதல், நீர்ச்சுழற்சி. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாடத்தில் மூன்று புதுச் சொல் என்பதே கொஞ்சம் கனம்தான். நான்காவதாக ஒன்று வரிசையில் நின்றது, அதைப் பற்றிப் பிறகு.

மற்றவையெல்லாம் சும்மா சுமை தூக்க வந்த சொற்கள். பெருங்கடல், வளிமண்டலம், வெப்பப்படுத்துதல், உருவாதல், வடிவில், ஏற்படுதல். இவற்றை இந்தப் பாடம் கற்றுக்கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு சொல் இருந்தது, நானும் ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். இங்கே தயவுதாட்சணியம் பார்க்க வேண்டியதில்லை. பெருங்கடலுக்குக் கடல் போதும். வளிமண்டலத்துக்கு, மூன்றாம் வகுப்பில், காற்று போதும். 'வெப்பப்படுத்தப்படும்' என்பதற்குச் 'சூடாகும்'. 'வடிவில் ஏற்படுகிறது' என்பதற்கு ஒன்றுமே வேண்டாம்; மழை பெய்கிறது என்றால் முடிந்தது.

கலைச்சொல்லை நீங்களாக உண்டாக்க வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் தமிழ்வழிப் புத்தகத்தையும் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரே வகுப்பின் ஒரே பாடத்தை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டுகளில் எந்தச் சொல்லைச் சந்திக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். உங்களுக்கு அதைவிட அழகான ஒரு சொல் தோன்றலாம். தோன்றட்டும், வேறு எங்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் போட்ட 'வீழ்படிவு' இங்கே நல்ல பாடம். ஆங்கிலத்தில் மழைப்பொழிவுக்கும், வேதியியலில் கரைசலுக்கு அடியில் படியும் திடப்பொருளுக்கும் ஒரே சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டது வேதியியல் பொருள். எடுத்துப் போட்டுவிட்டேன். வானத்திலிருந்து வீழ்படிவு விழுந்தது. மதினி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருந்தார்.

ஏற்கெனவே தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும்

தெரியாத சொல் வந்தால் பிள்ளை நின்று கேட்கும், அல்லது விழிக்கும், நமக்குத் தெரிந்துவிடும். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு போய்விடும். ஆவி அப்படிப்பட்ட சொல். 'ஞாயிறு' என்று எழுதினால் பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால்தான் சூரியன் என்று விட்டேன், நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்கிறவர்கள் மன்னிக்க.

இவற்றிலெல்லாம் என்னை மிகவும் படுத்தியது 'பனி'. ஆங்கிலப் பாடத்தில் மேகத்திலிருந்து மழையும் விழுகிறது, பனியும் விழுகிறது. பனி என்பது இரண்டே எழுத்து, ஒன்றாம் வகுப்பிலேயே படித்த சொல். வயதுக்கேற்ற சொல்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் தாமிரபரணிக் கரையில் வளரும் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் உட்கார்ந்திருப்பது, வயல் மேல் புகைமாதிரிப் படர்ந்திருப்பது. பாட்டி 'பனியில் நிற்காதே' என்று தலையில் துண்டைப் போடுவாளே, அது. அது மேகத்திலிருந்து விழுவதே இல்லை. தரைக்குப் பக்கத்துக் காற்றில் இருக்கும் நீராவி, இரவில் குளிர்ந்த புல்லின் மேல் அங்கேயே நீராகிறது. நமக்கு 'பனி பெய்கிறது' என்று சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது. ஆக, என் வாக்கியம் பிள்ளைக்கு முழுதாகப் புரியும், பிள்ளையின் அனுபவத்தோடும் ஒத்துப்போகும், அறிவியலாக மட்டும் முழுத் தவறு. அவள் புல்லில் பார்த்த பனி மேகத்திலிருந்து விழுந்தது என்று நான் அச்சில் உறுதி சொல்லிவிட்டேன்.

ஆங்கிலப் பாடத்தில் இருப்பது உறைந்து விழும் வெண்பனி. அதை அம்பாசமுத்திரத்துப் பிள்ளை பார்த்ததில்லை என்பதற்காக வெட்டவும் முடியாது. அது பாடத்தின் தகவல். கடைசியில் இப்படி எழுதினேன்: "இமயமலை போல மிகக் குளிரான இடங்களில், மேகத்திலிருந்து தண்ணீருக்குப் பதிலாக வெள்ளையாக, லேசாக, பஞ்சு போல ஒன்று விழும். அது உறைந்த தண்ணீர். அதை வெண்பனி என்கிறோம். நம் ஊரில் மார்கழியில் புல் மேல் இருக்கும் பனி வேறு." ஆங்கிலத்தில் ஒரு சொல், தமிழில் நான்கு வாக்கியம். அந்தக் கடைசி வாக்கியம் ஆங்கில மூலத்தில் கிடையாது. ஆனால் ஆங்கிலப் பிள்ளைக்கு அந்தக் குழப்பமும் கிடையாது. இப்படி ஒரு வாக்கியத்தைக் கூட்டுவதை மூலத்துக்குச் செய்த துரோகமாக நான் நினைக்கவில்லை.

மழை என்பதற்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் 'மழைப்பொழிவு' என்ற அந்த நான்காவது கலைச்சொல்லை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். மூன்றாம் வகுப்புக்கு மழையும் வெண்பனியும் ஆலங்கட்டியும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும், மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் அடுத்த ஆண்டு வரட்டும்.

காயும், வற்றும், சுண்டும்

ஆவியாதல் என்ற சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. பேய்ப் பயம் இல்லாமல் அதை எப்படி உள்ளே கொண்டுவருவது?

ஆங்கிலத்தில் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு சொல் இருக்கிறது, பிள்ளை அதை முதன்முதலாகப் பாடத்தில்தான் கேட்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அது வேறு பெயர்களில் ஏற்கெனவே தெரியும். துணி காய்கிறது. குளம் வற்றுகிறது. குழம்பு சுண்டுகிறது. மூன்று வினை, மூன்று இடம். துணி வற்றாது, குளம் சுண்டாது. எட்டு வயதுப் பிள்ளை இதில் ஒருபோதும் தவறு செய்வதில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான்: மூன்றிலும் நடப்பது ஒரே காரியம். அதைச் சொல்வதுதான் பாடம். அப்படியானால் கலைச்சொல் முதலில் வரக்கூடாது. தெரிந்த வினைச்சொல்லில் தொடங்கி, நடப்பதைச் சொல்லி, 'இதற்குப் பெயர் ஆவியாதல்' என்று கடைசியில் பெயரைச் சூட்ட வேண்டும். நம் பாடப்பகுதிகளில் பெரும்பாலும் தலைகீழாக, 'ஆவியாதல் என்பது யாதெனில்' என்று வரையறை முன்னால் வந்து நிற்கும். அது வயது வந்தவர்கள் திருப்பிப் பார்த்துக்கொள்ள வசதியான முறை.

எடுத்துக்காட்டுக்கு எனக்கு முதலில் தோன்றியது கருப்பட்டி. எங்கள் சீமைக்காரர்கள் யாருக்கும் அதுதான் தோன்றும். விடிலி என்ற பனையோலைக் குடிசையில் பதநீரைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள், தண்ணீர் போகப் போகப் பாகு இறுகும், சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தண்ணீர் போய்விட்டது, இனிப்பு தங்கிவிட்டது. எவ்வளவு அருமையான படம்! இரண்டு நாள் அதன் மேல் மயக்கத்தில் இருந்தேன். மதினிதான் கெடுத்தார்: "அதில் அடுப்பு எரிகிறதே. தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். அப்புறம் குளத்துக்கு அடியில் யார் அடுப்பு வைத்தது?" சரிதான். கொதிப்பது வேறு, சும்மா இருக்கும் தண்ணீர் மேற்பரப்பிலிருந்து மெல்ல ஆவியாவது வேறு. மழைக்குக் காரணம் இரண்டாவது.

அடுத்துத் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனேன். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். பாத்தியில் கடல்நீரையோ உப்புக் கிணற்று நீரையோ கட்டிவைத்தால் வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோய்விடும், உப்பு தங்கும். அடுப்பு இல்லை. கடல் உப்பாக இருக்க மழை மட்டும் ஏன் உப்பாக இல்லை என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. ஆனால் ஆற்றுப்பாசன ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் உப்பளத்தைப் பார்த்திருப்பார்கள்? தெரியாத ஒன்றை விளக்கத் தெரியாத இன்னொன்றைக் கொண்டுவருவதாகிவிடும். அதைப் பாடத்தின் கடைசியில் படத்தோடு ஒரு பெட்டிச் செய்தியாக வைத்தேன்.

குளம் வற்றுவதும் முழுச் சரியில்லை. குளத்துத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கும் போகிறது, தரைக்குள்ளும் இறங்குகிறது. வற்றியதெல்லாம் ஆவியானதல்ல. கடைசியில் தேறியது கொடியில் கிடக்கும் ஈரத்துணிதான். பிழிந்து போட்டதால் சொட்டுவதும் இல்லை, கீழே மண்ணும் நனையவில்லை, மதியம் பார்த்தால் ஈரத்தைக் காணோம். எங்கே போயிருக்கும் என்று கேட்டால் பிள்ளைக்குக் காற்றைத் தவிர வேறு வழியே இல்லை.

இதில் ஒரு பள்ளம் உண்டு. இட்லிச் சட்டியைத் திறந்தால் வெள்ளையாக எழுகிறதே, அதைத்தான் நாம் வீட்டில் ஆவி என்கிறோம். 'ஆவி பறக்க இட்லி'. ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளைப் படலம், நீராவி வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து மறுபடியும் நுண்ணிய நீர்த்துளியானது. 'இட்லிச் சட்டியிலிருந்து வெள்ளையாக எழுவது நீராவி' என்று எழுதினால் எளிமையாக இருக்கும், பிள்ளைக்கும் புரியும். அதே பக்கத்தில் 'நீராவியைக் கண்ணால் பார்க்க முடியாது' என்ற வரியும் இருக்கும். இரண்டையும் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை எதை நம்புவாள்? நான் இட்லிச் சட்டியின் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். ஆவி மறுபடி தண்ணீராவதற்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது.

அந்த மாற்றத்துக்குப் பாடநூல்களில் ஆவி சுருங்குதல் என்று பெயர். மூன்றாம் வகுப்புக்கு அதை நான் வைக்கவில்லை. சுருங்குவது என்றால் பிள்ளைக்குக் காற்றுப் போன பலூன். 'குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகிறது' என்றே எழுதினேன். குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் 'வேர்க்கிறது' என்று எழுத ஆசை வந்தது. நம் எல்லோர் வாயிலும் வரும் சொல்தான். ஆனால் வேர்வை உள்ளிருந்து வருவது. செம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான் கசிந்து வெளியே வருகிறது என்று பிள்ளைகள் நினைப்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

வாக்கியம் எங்கே திணறுகிறது

சொல் சரியானாலும் வாக்கியம் பிள்ளையைத் தடுக்கி விழவைக்கும். என் முதல் வரைவைத் திரும்பப் பாருங்கள். 'சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தால் வெப்பப்படுத்தப்படும் பெருங்கடல்கள், ஏரிகள் மற்றும் ஆறுகளிலுள்ள நீரானது'. இத்தனையும் கடந்த பிறகுதான் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரிகிறது. ஆங்கிலத்தில் தண்ணீர் முதலில் வந்துவிடும், விவரமெல்லாம் பின்னால் வால்போல வரும். தமிழில் அடையெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, பெயர்ச்சொல்லுக்கு வந்துசேரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும். இதற்கு மருந்து வாக்கியத்தைப் பிரிப்பதுதான்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்றுவினை, பெரும்பாலும் ஆறேழு சொல்லுக்குள். அதற்காகத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும் ஒட்டாது. 'அதனால்', 'பிறகு', 'அங்கே' போன்ற சின்னச் சின்னப் பாலங்கள் வேண்டும்.

'படு' வினையைக் களைந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். சூடாக்கப்படுகிறது, குளிர்விக்கப்படுகிறது, உருக்கப்படுகிறது. தமிழில் இதற்கு இரட்டை வினைகள் தயாராகவே இருக்கின்றன: சூடாக்கு, சூடாகு, உருக்கு, உருகு, குளிர்வி, குளிர். செய்கிறவரைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்வினையைப் போட்டால் போதும். தண்ணீர் சூடாகிறது. நீராவி குளிர்கிறது. யாரும் இங்கே சூடாக்கப்பட வேண்டியதில்லை.

சொல்லின் நீளமும் ஒரு தடை. 'மேகங்களாகின்றன' என்பது நமக்கு ஒரே பார்வை. எழுத்து எழுத்தாக வாசிக்கிறவளுக்கு ஒன்பது எழுத்து, நடுவில் மூச்சுவிட இடமில்லை. 'மேகம் ஆகிறது' என்று பிரித்தால் இரண்டு நிறுத்தம் கிடைக்கிறது. அஃறிணைக்குப் பன்மை கட்டாயமில்லை என்பது தமிழ் நமக்குக் கொடுத்த சலுகை. 'துளிகள் ஒன்றுசேர்கின்றன' என்பதற்குத் 'துளியும் துளியும் சேர்கிறது' என்று எழுதினால் இலக்கணமும் பெரிதாக முகம் சுளிக்காது, பிள்ளையின் நாக்கும் சுளுக்காது.

தண்ணீரா நீரா என்ற கேள்வியும் வரும். கதை சொல்லும் இடமெல்லாம் தண்ணீர் என்று வைத்தேன். ஆனால் கலைச்சொல்லில் நீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீராவி, நீர்ச்சுழற்சி என்று. அதற்காக ஓர் இடத்தில் மட்டும் 'நீர் என்றாலும் தண்ணீர் என்றாலும் ஒன்றுதான்' என்று ஒரு வரி போட்டேன். இப்படி ஒரு வரி போடாவிட்டால் 'நீராவி' என்ற சொல்லுக்குள் தண்ணீர் இருப்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். அதோடு, நீர் முன்னால் வந்து நின்றால் ஆவிக்குப் பேய் முகமும் போய்விடும். அதனால் தனி 'ஆவி' என்ற சொல்லைப் பாடம் முழுக்க எங்கேயும் விடவில்லை.

ஊர்ச் சொல் எவ்வளவு வரலாம்? பாடம் ஒரு பள்ளிக்கா, மாநிலத்துக்கா என்பதைப் பொறுத்தது. பாசனத்துக்குத் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நாங்கள் குளம் என்போம், மதுரைப் பக்கம் கண்மாய், செங்கல்பட்டில் ஏரி. சிரட்டை வேறு ஊரில் கொட்டாங்குச்சி. மதினி பள்ளிக்கு என்பதால் ஏரியைத் தூக்கிவிட்டுக் குளத்தைப் போட்டேன். பல மாவட்டங்களுக்குப் போகும் பாடமாக இருந்தால் 'குளம், ஏரி' என்று இரண்டையும் சொல்லியிருப்பேன். ஊர்ப் பெயரும் அப்படியே. ஆங்கிலத்தில் பெயரில்லாத ஓர் ஆறு ஓடியது, எடுத்துக்காட்டுக்கு மட்டும். அது தாமிரபரணி ஆனது, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலந்தது. மழை, ஆறு, கடல், மறுபடி மழை என்ற சுழற்சியை ஒரே ஆற்றில் காட்ட முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆங்கிலப் பாடம் வேறொரு நாட்டு ஆற்றைப் பற்றியே சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது வரைவின் தொடக்கம் இது:

"காலையில் அம்மா துணி துவைத்தாள். பிழிந்து கொடியில் போட்டாள். துணி ஈரமாக இருந்தது. மதியம் துணி காய்ந்துவிட்டது. அந்த ஈரம் எங்கே போனது?

துணியில் இருந்த தண்ணீர் காற்றில் கலந்துவிட்டது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் இருக்கிறது. காற்றில் இப்படிக் கலந்திருக்கும் தண்ணீருக்கு நீராவி என்று பெயர். தண்ணீர் நீராவியாக மாறுவதை ஆவியாதல் என்கிறோம்.

குளத்துத் தண்ணீரும் ஆவியாகிறது. ஆற்றுத் தண்ணீரும் ஆவியாகிறது. கடலில்தான் மிக அதிகமாக ஆவியாகிறது. நிழலிலும் ஆவியாகும், வெயிலில் இன்னும் வேகமாக ஆவியாகும்.

நீராவி காற்றோடு மேலே போகிறது. மேலே குளிர் அதிகம். அங்கே நீராவி குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகிறது. மிக மிகச் சிறிய துளியாகிறது. இட்லிச் சட்டி மூடியில் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதைவிடச் சிறிய துளி. அப்படிப்பட்ட துளி கோடிக்கணக்கில் கூடி மிதப்பதுதான் மேகம்."

பிள்ளையிடம் கேட்டுப் பார்ப்பது

முடித்ததைச் சரிபார்க்கப் பெரியவர்களுக்குத் தெரிந்த வழி, வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்வது. பொருள் மாறியிருந்தால் அதில் அகப்படும், வீழ்படிவு அகப்பட்டிருக்கும். பிள்ளைக்குக் கடினமா என்பது அதில் தெரியாது. 'பனி' தெரியவே தெரியாது. திரும்ப ஆங்கிலமாக்குகிறவரும் நம்மைப்போலவே படித்தவராயிற்றே.

'புரிந்ததா?' என்று பிள்ளையிடம் கேட்பதும் வீண். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். சொற்களை விட்டுவிட்டு நிரப்பச் சொல்லும் முறை ஒன்று உண்டு. 1953-இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர் முன்வைத்தது; ஐந்து சொல்லுக்கு ஒன்றை வெறுமையாக விட்டு, வாசிப்பவர் எத்தனையைச் சரியாக ஊகிக்கிறார் என்று பார்ப்பார்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமை, காலம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் கணக்காக ஐந்துக்கு ஒன்றை எடுத்தால் பெரியவர்களே திணறுவோம். நான் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுச் சொல்லை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 'நீராவி காற்றோடு ______ போகிறது' என்ற இடத்தில் மதினியின் வகுப்பில் பலர் 'மேலே' என்றே எழுதினார்கள். ஓடுகிறது அந்த வாக்கியம்.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதையாகச் சொல்லச் சொன்னதுதான். தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல் என்றேன். மூடி வைத்த பிறகு பிள்ளை தன் சொந்தச் சொல்லில் சொல்லும். நாம் எந்தச் சொல்லை அவள் மண்டைக்குள் விட்டோம் என்பது அப்போது வெளியே வரும். மதினியின் மகள் திண்ணையில் உட்கார்ந்து நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். துணி, கொடி, நீராவி, எல்லாம் சரி. கடலுக்கு வந்ததும், "சூரியனுக்குத் தாகம் எடுத்து, கடல் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக் குடித்துவிடும். அப்புறம் வயிறு நிறைந்து மழையாக விட்டுவிடும்" என்றாள்.

இதை நான் எங்கே எழுதினேன்? தேடினேன். பாடத்தில் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி: 'சூரியன் கடல் நீரை உறிஞ்சுகிறது.' பாடத்தை மூன்று முறை திருத்தியவள், படக்குறிப்புகளை முதல் வரைவிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறேன். படத்திலும் கடலிலிருந்து கிளம்பிய அம்புக்குறி நேராகச் சூரியனின் வாய்க்கே போனது. ஓவியர் சூரியனுக்குக் கண்ணும் சிரித்த வாயும் போட்டிருந்தார்.

வரியை 'கடல் தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது' என்று மாற்றினேன். அம்பைக் காற்றிலேயே நிறுத்தச் சொன்னேன். சூரியனின் வாயை அழித்துவிடச் சொன்னதற்குத்தான் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.